அப்பென்ட் ஏன் மலிவு? அமார்ட்டைஸ்டு கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்டர்வியூவுக்குத் தயாராகும் ஜூனியர்களோடு உட்காரும்போதெல்லாம் ஒரே இடத்தில்தான் வண்டி நிற்கிறது. லிஸ்ட்டில் கடைசியில் ஒன்றைச் சேர்ப்பது O(1) என்று எல்லோரும் சொல்வார்கள், ஏன் என்று கேட்டால் "அது அமார்ட்டைஸ்டு" என்பார்கள், அப்படியென்றால் என்ன என்றால் அமைதி. அவர்கள் என்னிடம் கேட்டவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே கொடுத்திருக்கிறேன். முதல் ஐந்து கேள்விகளை வரிசையாகப் படியுங்கள், பின்னால் வருபவை அவற்றை நம்பித்தான் நிற்கின்றன.

அமார்ட்டைஸ்டுன்னா என்னங்க, சுருக்கமா சொல்லுங்க?

ஒரு வேலையைத் தனியாகப் பார்த்து விலை போடாமல், தொடர்ச்சியாக n வேலைகள் செய்தால் மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று பார்த்து, அதை n-ஆல் வகுத்து ஒரு வேலைக்கு இவ்வளவு என்று சொல்வது. அவ்வளவுதான். வீட்டில் மாவு ஆட்டுவது மாதிரி: ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போகும், மற்ற நாளில் கல்லில் ஊற்றுவது மட்டும்தான் வேலை. ஒரு நாள் டிபனுக்கு எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் காட்டிச் சொல்ல மாட்டோம்.

டைனமிக் அரே உள்ளுக்குள்ள என்னதான் பண்ணுது? சாதாரண அரேக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

உள்ளே இருப்பது சாதாரண அரேதான். மெமரியில் அடுத்தடுத்து இருக்கும் கட்டங்கள், அளவு மாறாது. அந்த அரேயோடு இரண்டு எண்களைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது: எத்தனை கட்டம் நிரம்பியிருக்கிறது என்பது ஒன்று, மொத்தம் எத்தனை கட்டம் இருக்கிறது என்பது இன்னொன்று. முதலாவதை size என்றும் இரண்டாவதை capacity என்றும் சொல்வார்கள். குழப்பத்தில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் வருகிறது.

அப்பென்ட் செய்யும்போது காலிக் கட்டம் இருந்தால் அதில் எழுதிவிட்டு size-ஐ ஒன்று கூட்டினால் போதும். காலி இல்லை என்றால்தான் சிக்கல். பக்கத்து இடத்தில் வேறு யாருடைய தரவோ இருக்கலாம், அதனால் இருந்த இடத்திலேயே நீட்ட முடியும் என்று நம்ப முடியாது. எனவே வேறு இடத்தில் பெரிய அரே ஒன்று வாங்கி, பழையதில் இருந்த எல்லாவற்றையும் அங்கே காப்பி செய்து, பழையதை விட்டுவிட்டு, அப்புறம் புதியதை எழுதுகிறது. வாடகை வீடு மாறுவது போல: ஒரு பீரோ கூடுதலாக வந்துவிட்டது என்பதற்காக மொத்தச் சாமானையும் ஏற்றி இறக்க வேண்டும்.

அப்படி எல்லாத்தையும் காப்பி பண்ணுதுன்னா அது O(n) தானே? எப்படி O(1)னு சொல்றீங்க?

அந்த ஒரு அப்பென்ட் O(n)தான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்டது எத்தனை முறை வரும் என்று பாருங்கள். capacity 1-இல் தொடங்கி, நிரம்பும்போதெல்லாம் இரண்டு மடங்காக்குவோம். 9 எலிமென்ட் சேர்க்கலாம். 2-ஆவது வரும்போது 1 காப்பி, 3-ஆவது வரும்போது 2 காப்பி, 5-ஆவதுக்கு 4, 9-ஆவதுக்கு 8. நடுவில் 4, 6, 7, 8-ஆவது எல்லாம் காப்பியே இல்லாமல் போய் உட்கார்ந்துகொள்கின்றன. மொத்த காப்பி 1 + 2 + 4 + 8 = 15. எழுதியது 9. ஆக 24 வேலை, 9 அப்பென்ட். ஒன்றுக்கு மூன்றுக்கும் குறைவு.

9-ஐ நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. அது நமக்கு எதிரான எண்: அப்போதுதான் பெரிய காப்பி ஒன்று முடிந்திருக்கிறது, அதன் பலனை இன்னும் அனுபவிக்கவில்லை. அதே மாதிரி மோசமான 1,025-ஐப் பார்த்தாலும் காப்பி 1 + 2 + 4 + … + 1,024 = 2,047, எழுதியது 1,025, கூட்டினால் 3,072. மூன்று மடங்கு என்பது 3,075, அதையும் தாண்டவில்லை. இரண்டின் அடுக்குகளை 1-இலிருந்து கூட்டினால் கடைசி எண்ணைப் போல இரு மடங்குக்கு ஒன்று குறைவாகத்தான் வரும், அதுதான் இதன் சூட்சுமம். கடைசி காப்பி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதற்கு முன் நடந்த எல்லா காப்பியும் சேர்ந்து அதைவிடச் சிறியவை. கடைசி காப்பியும் n-ஐவிடச் சிறியது. ஆகவே n எதுவாக இருந்தாலும் மொத்தம் 3n-க்குள், ஒன்றுக்கு 3-க்குள். 3 என்பது n-ஐப் பொறுத்து மாறாத எண், அதனால்தான் O(1).

ஏன் ரெண்டு மடங்கு? பத்துப் பத்தா கூட்டிக்கிட்டே போனா மெமரியாவது மிச்சமாகுமே?

இதைக் கேட்பவர்கள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். பத்து பத்தாகக் கூட்டினால் 10, 20, 30 என்று ஒவ்வொரு முறை நிரம்பும்போதும் காப்பி. 1,000 எலிமென்ட்டுக்கு 10 + 20 + … + 990 = 49,500 காப்பி. இரண்டு மடங்கு முறையில் இதே 1,000-க்கு 1,023தான். சரி, ஐம்பது மடங்கு வித்தியாசம்தானே என்று தோன்றலாம். பத்து லட்சத்துக்குப் போங்கள். இரண்டு மடங்கு முறையில் காப்பி சுமார் பத்தரை லட்சம். பத்து பத்து முறையில் சுமார் 5,000 கோடி.

பத்துக்குப் பதில் ஆயிரம் ஆயிரமாகக் கூட்டினால்? 5,000 கோடி 50 கோடியாகக் குறையும், ஆனால் வளரும் விதம் அதேதான்: எலிமென்ட் இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்காகும். நிலையான எண்ணைக் கூட்டினால் காப்பிகளுக்கு இடையிலான இடைவெளி மாறாமல் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு காப்பியும் பெருத்துக்கொண்டே போகிறது. பெருக்கினால் காப்பி பெருக்கும் அதே வேகத்தில் இடைவெளியும் பெருக்கிறது. இரண்டுதான் வேண்டும் என்பதில்லை, ஒன்றைவிடப் பெரிய எந்த எண்ணால் பெருக்கினாலும் கணக்கு நிற்கும். அதைப் பின்னால் பார்ப்போம்.

புத்தகத்துல ஒரு அப்பென்ட்டுக்கு மூணு காசு கட்டணும்னு இருக்கு. ஒண்ணும் புரியல. அந்த மூணு எங்கிருந்து வந்துச்சு?

மேலே கூட்டிப் பார்த்து வந்த அதே 3தான், வேறு வழியாக வருகிறது. தீபாவளிச் சீட்டு கட்டியிருப்பீர்கள் அல்லது வீட்டில் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மாதாமாதம் ஒரு சின்னத் தொகை, தீபாவளிக்கு ஸ்வீட்டும் பட்டாசும் வரும்போது தனியாகப் பணம் தேட வேண்டாம். இங்கே தீபாவளி என்பது அரே நிரம்பும் நாள். ஒரு எலிமென்ட்டை எழுத 1 காசு, நகர்த்த 1 காசு என்று வைத்துக்கொள்வோம்.

capacity 4-இலிருந்து இப்போதுதான் 8 ஆகியிருக்கிறது. உள்ளே பழைய ஆட்கள் 4 பேர், அவர்கள் கையில் காசு எதுவும் இல்லை, வீடு மாறியதில் செலவாகிவிட்டது. இப்போது புதிதாக 4 பேர் ஒவ்வொருவராக வருகிறார்கள், ஆளுக்கு 3 காசு கொண்டுவருகிறார்கள். ஒன்று தன்னை எழுதிக்கொள்ள உடனே செலவு. ஒன்று, அடுத்து வீடு மாறும்போது தன்னை நகர்த்த. இன்னொன்று, காசில்லாத பழைய ஆள் ஒருவரை நகர்த்த. எட்டாவது ஆள் வந்து உட்காரும்போது உண்டியலில் 4 × 2 = 8 காசு இருக்கும், நகர்த்த வேண்டியதும் 8 பேரைத்தான். சரியாகப் போய்விட்டது. 16-க்கு மாறிய பின் 8 பேரும் வெறுங்கையோடு நிற்கிறார்கள், புதிதாக 8 பேர் வரப்போகிறார்கள், அதே கதை.

2 காசு மட்டும் வாங்கினால் என்ன ஆகும் என்று ஒரு முறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். எட்டாவது ஆள் வரும்போது உண்டியலில் 4தான் இருக்கும், பாதிப் பேர் தெருவில்.

சீட்டுன்னு சொல்றீங்க, ஆனா அமார்ட்டைஸ்னா கடனைத் தவணையில அடைக்கிறது தானே? அப்போ முதல்ல செலவு பண்ணிட்டு அப்புறம் கட்டினா ஆகாதா?

பெயர் கடன் பக்கத்திலிருந்து வந்தது உண்மைதான். ராபர்ட் டார்ஜன் 1985-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. ஆனால் கணக்கு போடும் முறை கடன் இல்லை, சேமிப்பு.

காரணம் இது: நாம் சொல்வது "எந்த n-இல் நிறுத்தினாலும் மொத்தச் செலவு 3n-ஐத் தாண்டாது" என்பது. கடன் வாங்கி அரேயை நகர்த்திவிட்டு, அடுத்து வரும் அப்பென்ட்டுகள் அடைக்கும் என்று விட்டால், அடுத்த அப்பென்ட் வராமலே புரோகிராம் முடிந்துவிடலாம். அப்போது செலவு ஆகிவிட்டது, வசூல் இல்லை, நாம் சொன்னது பொய். ஆகவே ஒரே விதி: உண்டியல் எந்த நேரத்திலும் சைபருக்குக் கீழே போகக்கூடாது.

ஆவரேஜ் கேஸ்னு படிச்சிருக்கேன், அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை, இன்டர்வியூவில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். குயிக்சார்ட் சராசரியாக O(n log n) என்று சொல்லும்போது உள்ளே ஒரு நிகழ்தகவு இருக்கிறது: இன்புட் ஏதோ ஒரு வரிசையில் கலைந்து வரும், அல்லது நாம் பிவட்டைக் குலுக்கல் முறையில் எடுக்கிறோம். அதிர்ஷ்டம் கெட்டால், இல்லை யாராவது வேண்டுமென்றே கெட்ட இன்புட் கொடுத்தால், n² வரும்.

அமார்ட்டைஸ்டில் அதிர்ஷ்டத்துக்கு வேலை இல்லை. உங்கள் எதிரி உட்கார்ந்து யோசித்து, எந்த நேரத்தில் நிறுத்தினால் அதிகம் வலிக்கும் என்று பார்த்து 1,025-இல் நிறுத்தினாலும் 3n-ஐத் தாண்ட முடியாது என்று மேலேயே பார்த்தோம். இது மோசமான நிலைக்கான உத்தரவாதம்தான். ஆனால் ஒரு தனி வேலைக்கு இல்லை, தொடர் முழுவதற்கும். இரண்டும் கலந்தும் வரும்: ஹேஷ் டேபிளில் ஒன்றைச் சேர்ப்பது O(1) என்கிறோமே, அதில் டேபிள் பெரிதாகும் செலவு அமார்ட்டைஸ்டு, ஒரே பக்கெட்டில் பல கீ விழாது என்பது நிகழ்தகவு.

பொட்டென்ஷியல் முறைன்னு ஒண்ணு வருதே, 2·size − capacity. இதை யாரு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? வானத்துலேர்ந்து விழுந்த மாதிரி இருக்கு.

அது நம் உண்டியலில் இருக்கும் காசு, வேறொன்றும் இல்லை. மேலே சொன்ன 8 கட்ட அரேயையே எடுங்கள். மாறிய உடனே size 4, capacity 8: 2×4 − 8 = 0. உண்டியல் காலி, சரி. ஐந்தாவது ஆள் வந்ததும் 2, ஆறாவது 4, ஏழாவது 6, எட்டாவது 8. ஆளுக்கு 2 காசு சேருகிறது, நிரம்பும்போது அரேயில் எத்தனை பேரோ அத்தனை காசு. இந்த இரண்டும் நடக்கிற மாதிரி ஒரு சூத்திரம் வேண்டும் என்று தேடினால் இது தானாக வந்துவிடும்.

சூத்திரமாக எழுதுவதில் ஒரு வசதி உண்டு. ஒரு வேலையின் அமார்ட்டைஸ்டு செலவு = உண்மைச் செலவு + உண்டியலில் ஏற்பட்ட மாற்றம். நிரம்பாத அரேயில்: 1 + 2 = 3. k பேர் இருந்து நிரம்பியிருக்கும்போது: உண்மைச் செலவு k + 1, உண்டியல் k-இலிருந்து 2-க்கு இறங்குகிறது, அதாவது மாற்றம் 2 − k. கூட்டினால் k + 1 + 2 − k = 3. k அடிபட்டுப் போவதைப் பார்க்கும்போது எனக்கு இன்னமும் ஒரு சந்தோஷம் வரும். அரே விஷயத்துக்கு இந்த முறை கட்டாயம் இல்லை, காசுக் கணக்கே போதும். யார் காசை யார் சேர்த்தார்கள் என்று பெயர் சொல்ல முடியாத சிக்கலான அமைப்புகளுக்குத்தான் இது தேவைப்படும்.

பைத்தான்ல ரெண்டு மடங்கு ஆகறதில்லைன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. நீங்களே பார்க்கலாம்:

```python
import sys
a, prev = [], 0
for i in range(50):
    a.append(i)
    b = sys.getsizeof(a)
    if b != prev:
        print(len(a), b)
        prev = b
```

64-பிட் மெஷினில், நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் சிபைத்தான் 3.9 அல்லது அதற்குப் பிந்தையதில், 1 88, 5 120, 9 184, 17 248, 25 312, 33 376, 41 472 என்று வரும். காலி லிஸ்ட்டே 56 பைட், ஒரு கட்டம் 8 பைட். ஆகவே 88 என்றால் (88 − 56) / 8 = 4 கட்டம். அடுத்தடுத்து 8, 16, 24, 32, 40, 52. முதலில் சிறிய எண்களில் தாராளமாக இருக்கிறது, போகப் போக எட்டில் ஒரு பங்கு மட்டும்தான் கூடுதலாக எடுக்கிறது. அதாவது பெருக்கும் எண் சுமார் 1.125. ஜாவாவின் `ArrayList` ஒன்றரை மடங்கு: 10, 15, 22, 33, 49. சி++ `vector`-க்கு ஜிசிசி-யோடு வரும் நூலகம் இரண்டு மடங்கு, மைக்ரோசாஃப்டினுடையது ஒன்றரை.

இதில் ஒரு சின்ன விஷயம்: 24, 32, 40 என்று எட்டு எட்டாக ஏறுவதைப் பார்த்து, "இது பத்து பத்தாகக் கூட்டுவது மாதிரிதானே" என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். `range(50)`-ஐ `range(100000)` ஆக்கி ஓட்டிப் பாருங்கள், இடைவெளி விரிந்துகொண்டே போவது தெரியும்.

அப்போ எந்த எண் நல்லது? ஒண்ணேகால், ஒண்ணரை, ரெண்டு?

பெருக்கும் எண்ணை g என்போம். மொத்தக் காப்பி, மிஞ்சிப் போனால் n × g/(g − 1). இரண்டுக்கு 2n, ஒன்றரைக்கு 3n, 1.125-க்கு 9n. மறுபக்கம், அப்போதுதான் பெரிதாகிய அரேயில் காலியாகக் கிடப்பது எவ்வளவு? இரண்டு என்றால் பாதி, ஒன்றரை என்றால் மூன்றில் ஒன்று, 1.125 என்றால் ஒன்பதில் ஒன்று. வேலையைக் குறைத்தால் மெமரி வீணாகும், மெமரியை மிச்சம் பிடித்தால் வேலை கூடும். எதை எடுத்தாலும் O(1)தான், அதற்குள் இருக்கும் எண் மட்டும் மாறும்.

பைத்தான் 9n-க்குத் துணிவது ஏன் என்றால், அது நகர்த்துவது பொருளை இல்லை, 8 பைட் முகவரியை மட்டும். மொத்தமாக ஒரே வீச்சில் நகர்த்தலாம், பல நேரம் `realloc` இருந்த இடத்திலேயே நீட்டியும் கொடுத்துவிடும். சி++ `vector` அப்படி இல்லை, பொருளே உள்ளே உட்கார்ந்திருப்பதால் ஒவ்வொன்றையும் முறைப்படி நகர்த்த வேண்டியிருக்கும்.

எத்தனை வரும்னு முன்னாடியே தெரியும்னா reserve போடச் சொன்னாங்க. போட்டேன், முன்ன விட மெதுவாயிடுச்சு. ஏன்?

எங்கே போட்டீர்கள் என்று பார்க்காமலே சொல்கிறேன், லூப்புக்குள்ளே போட்டிருப்பீர்கள். ஏனென்றால் நானும் போட்டிருக்கிறேன்.

```cpp
for (auto& x : batch) {
    v.reserve(v.size() + 1);
    v.push_back(x);
}
```

பொறுப்பாக எழுதியது போலத்தான் இருக்கும். ஆனால் ஜிசிசி நூலகத்தில் `reserve` நீங்கள் கேட்ட அளவுக்குச் சரியாக இடம் எடுக்கிறது, பெருக்குவதில்லை. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் நிரம்பியிருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் வீடு மாறுகிறது. நான்காவது கேள்வியில் பத்து பத்தாகக் கூட்டியதைப் பார்த்தோமே, இது ஒன்று ஒன்றாகக் கூட்டுவது, அதைவிட மோசம். என் கதையில் டெஸ்ட் டேட்டா சில நூறு வரிகள்தான் என்பதால் யாருக்கும் தெரியவில்லை, உண்மையான ஃபைல் வந்த அன்று மாலை முழுக்க டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கண்டுபிடிக்க எளிய வழி: இன்புட்டை இரண்டு மடங்காக்கி நேரம் பாருங்கள். நேரமும் இரண்டு மடங்கானால் அப்பென்ட் ஒழுங்காக இருக்கிறது. நான்கு மடங்கானால் எங்கோ பெருக்குவது நின்றுபோய்க் கூட்டுவது நடக்கிறது.

`reserve`-ஐ லூப்புக்கு வெளியே, மொத்த எண்ணிக்கையோடு ஒரே முறை போடுங்கள். எத்தனை வரும் என்று தெரியாவிட்டால் போடவே வேண்டாம், `vector`-க்கு அதன் வேலை தெரியும்.

insert(0, x)-உம் அமார்ட்டைஸ்டு O(1)ஆ?

இல்லை. முன்னால் ஒன்றைச் செருக எல்லோரும் ஒரு கட்டம் தள்ளி உட்கார வேண்டும், இது எப்போதாவது இல்லை, ஒவ்வொரு முறையும். எப்போதாவது வரும் செலவைத்தான் பரப்ப முடியும். இரண்டு முனையிலும் சேர்க்க வேண்டும் என்றால் பைத்தானில் `collections.deque` இருக்கிறது.

ஸ்ட்ரிங்ல += பண்ணினாலும் இதே கதைதானே? அதுவும் கடைசியில சேர்க்கறதுதான?

பார்க்க அப்படித்தான். ஆனால் ஜாவாவிலும் பைத்தானிலும் ஸ்ட்ரிங்கை மாற்ற முடியாது, அதனால் காலிக் கட்டம் வைத்துக்கொள்வது என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு `+=`-உம் ஒரு புது ஸ்ட்ரிங். ஒவ்வொரு எழுத்தாக ஒரு லட்சம் சேர்த்தால் சுமார் 500 கோடி எழுத்துக் காப்பி.

ஜாவாவில் `StringBuilder` இருப்பது இதற்காகத்தான், அது உள்ளுக்குள் நம் டைனமிக் அரேயேதான், ஏறக்குறைய இரண்டு மடங்காக வளரும். பைத்தானில் துண்டுகளை லிஸ்ட்டில் போட்டுக் கடைசியில் `"".join(parts)`. "நான் பைத்தானில் `+=` போட்டேன், வேகமாகத்தான் ஓடியது" என்று சிலர் சொல்வார்கள். அந்த ஸ்ட்ரிங்கை வேறு யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்றால் சிபைத்தான் இருந்த இடத்திலேயே நீட்டிப் பார்க்கும். அது மொழியின் வாக்குறுதி இல்லை, வேறொரு மாறியும் அதே ஸ்ட்ரிங்கைப் பிடித்திருந்தால் சலுகை போய்விடும்.

பெருசாக்கறது சரி. pop பண்ணி பாதி காலியானா பாதியாக்கிடலாமா?

ஆக்கினால் மாட்டிக்கொள்வீர்கள். capacity 8, எட்டும் நிரம்பியிருக்கிறது. ஒன்று சேர்க்கிறீர்கள், 8 பேரை நகர்த்தி 16 ஆகிறது. உடனே ஒன்றை எடுக்கிறீர்கள், 16-இல் 8, பாதி, ஆகவே 8 பேரை நகர்த்தி மறுபடி 8. மறுபடி சேர்த்தல், மறுபடி எடுத்தல். இந்த எல்லையில் நின்று சேர்த்தும் எடுத்தும் கொண்டிருந்தால் ஒவ்வொரு வேலையும் O(n). உண்டியலில் காசு சேர்வதற்கு முன்பே அடுத்த தீபாவளி வந்துவிடுகிறது.

வழக்கமான தீர்வு: நான்கில் ஒரு பங்குக்கு இறங்கினால்தான் பாதியாக்குவது. 16-இல் 4 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் 8 ஆக்குங்கள். அப்போது 8-இல் 4, திரும்பப் பெரிதாக இன்னும் 4 பேர் நிரம்பி அதற்குமேல் ஒருவர் வர வேண்டும், திரும்பச் சுருங்க 2 பேர் போக வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் காசு சேர இடைவெளி கிடைக்கிறது. சிபைத்தான் லிஸ்ட் நீளம் பாதிக்குக் கீழே போனால்தான் சுருக்குகிறது, அதுவும் நீளத்தைவிட எட்டில் ஒரு பங்கு கூடுதலாகத்தான் வைத்துக்கொள்ளும். அது வளரும்போது இரண்டு மடங்காவதில்லை என்பதால் வளரும் எல்லையும் சுருங்கும் எல்லையும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில்லை. ஜாவா `ArrayList` இன்னும் சோம்பேறி, `remove` செய்தால் சுருங்கவே சுருங்காது, வேண்டுமென்றால் நீங்கள்தான் `trimToSize()` கூப்பிட வேண்டும்.

சராசரியெல்லாம் சரி, ஆனா நடுவுல ஒரே ஒரு அப்பென்ட் மட்டும் சிக்கிக்கிட்டு எல்லாம் நின்னுபோச்சுன்னா? கேம்ல ஃப்ரேம் விழுதே?

அமார்ட்டைஸ்டு கணக்கு அதற்குப் பதில் சொல்லாது. நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், அதற்குள் பெரிய காப்பி ஒன்று வந்து விழுந்தால், இதுவரை ஆயிரம் அப்பென்ட் மலிவாக முடிந்தது என்று சொல்லி விளையாடுபவரைச் சமாதானப்படுத்த முடியாது. மொத்த நேரம் முக்கியம் என்றால் அமார்ட்டைஸ்டு போதும், ஒவ்வொரு பதிலின் நேரமும் முக்கியம் என்றால் போதாது.

அங்கே காசைச் சேர்த்து வைக்காமல் உடனுக்குடன் செலவழிக்கலாம். பழைய அரேயில் k பேர் நிரம்பியதும் 2k-க்கு இடம் மட்டும் எடுத்து வையுங்கள், யாரையும் நகர்த்த வேண்டாம். இனி ஒவ்வொரு அப்பென்ட்டிலும் புதியவரைப் புது அரேயில் எழுதிவிட்டு, கூடவே பழையவர் ஒருவரையும் நகர்த்துங்கள். k பேர் புதிதாக வந்து புது அரே நிரம்பும்போது பழைய k பேரும் வந்து சேர்ந்திருப்பார்கள். ஐந்தாவது கேள்வியின் மூன்றாவது காசை நினைத்துப் பாருங்கள், அதே காசுதான். விலையும் உண்டு: மாற்றம் முடியும் வரை இரண்டு அரேயும் உயிரோடு இருக்கும், ஒன்றைத் தேடினால் அது எதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரெடிஸ் தன் ஹேஷ் டேபிளைப் பெரிதாக்குவது இப்படித்தான்: இரண்டு டேபிளை வைத்துக்கொண்டு, சேர்க்கவோ தேடவோ வரும்போதெல்லாம் ஒரு பக்கெட்டை நகர்த்தும்.

இந்தக் கணக்கு மொத்தமா பொய்யாகிற இடம் ஏதாவது இருக்கா?

இருக்கிறது, பழைய வடிவத்தை அழிக்காமல் வைத்துக்கொள்ளும் ஃபங்ஷனல் டேட்டா ஸ்ட்ரக்சர்களில். இரண்டு லிங்க்டு லிஸ்ட்டை வைத்து ஒரு க்யூ கட்டுவோம்: வருபவர்கள் பின் லிஸ்ட்டின் தலையில் சேர்வார்கள், போகிறவர்கள் முன் லிஸ்ட்டின் தலையிலிருந்து போவார்கள், முன் லிஸ்ட் காலியானால் பின் லிஸ்ட்டைத் திருப்பிப் போட்டு முன்னால் வைப்போம். திருப்புவது O(n), ஆனால் ஒவ்வொருவரும் வரும்போதே தன்னைத் திருப்ப ஒரு காசு போட்டுவிட்டுத்தான் வருகிறார். சாதாரணமாக ஓட்டினால் அமார்ட்டைஸ்டு O(1), சந்தேகமே இல்லை.

இப்போது முன் லிஸ்ட் காலி, பின் லிஸ்ட்டில் n பேர் என்று ஒரு நிலை. ஃபங்ஷனல் மொழியில் இந்த க்யூவை q என்று பெயரிட்டு வைத்துக்கொள்ளலாம், அதற்குச் செலவே கிடையாது. அதே q-விலிருந்து நூறு இடத்தில் தனித்தனியாக ஒருவரை வெளியே எடுங்கள். நூறு முறையும் n பேரைத் திருப்ப வேண்டும், ஆனால் உண்டியலில் இருப்பது ஒரு முறைக்கான காசு. ஒரே சீட்டு அட்டையை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நூறு பேர் கடைக்குப் போய் நிற்கிற மாதிரி. கிறிஸ் ஒகசாகி இதற்குச் சொன்ன வழி, திருப்பும் வேலையை உடனே செய்யாமல் தள்ளிப்போட்டு, முதலில் யாருக்குத் தேவையோ அவர் செய்ததும் விடையைக் குறித்து வைத்து மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் அதையே எடுத்துக்கொள்ளச் செய்வது. அதோடு, பின் லிஸ்ட் முன் லிஸ்ட்டைவிட நீளமாகும்போதே திருப்பலை ஏற்பாடு செய்து வைக்க வேண்டும், முன் லிஸ்ட் காலியாகும் வரை காத்திருந்தால் இதுவும் உதவாது.

பைத்தான், ஜாவா அரேக்களில் இந்தப் பயம் வேண்டாம். அங்கே பழைய நிலையைப் பிடித்து வைக்க வேண்டும் என்றால் முழு அரேயையும் காப்பி எடுத்தாக வேண்டும், அதற்கே n ஆகிவிடும்.